வாடகை பாக்கிக்காக ஓனர் வீட்டைப் பூட்டலாமா? சட்டம் சொல்வது என்ன?

"என் வீடு, நான் பூட்டுறேன்." வாடகை தகராறுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால் குற்றவியல் சட்டம் முதலில் பார்ப்பது வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை அல்ல, யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

உதாரணத்துக்கு, சென்னையில் ஒரு மாடி போர்ஷன். இரண்டு மாத வாடகை பாக்கி. குடியிருப்பவர் வேலைக்குப் போன நேரத்தில் ஓனர் பூட்டை உடைத்து உள்ளே போகிறார், தண்ணீர் பைப்பை அறுக்கிறார், பிறகு தன் பூட்டைப் போட்டுவிடுகிறார். இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 3 பிரிவுகள் வருகின்றன.

அத்துமீறி நுழைதல் (பிரிவு 329)

மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ இன்னொருவர் அனுபோகத்தில் உள்ள இடத்தில் நுழைவது குற்றம். குடியிருக்கும் வீடு என்றால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நோக்கம்தான் முக்கியம். பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்க காம்பவுண்டுக்குள் குதித்தால் அது இந்தக் குற்றம் ஆகாது.

சொத்துக்குச் சேதம் (பிரிவு 324)

பைப் ஓனருடையதுதானே? அப்படியிருந்தாலும் தப்ப முடியாது. மற்றவருக்கு நஷ்டம் வரவேண்டும் என்ற எண்ணத்தோடு சொந்தப் பொருளைச் சேதப்படுத்தினாலும் குற்றம்தான் என்கிறது சட்டம். 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் அது 2 ஆண்டு வரை போகும்.

வழிமறித்தல் (பிரிவு 126)

ஒருவர் போக உரிமையுள்ள பக்கம் போகவிடாமல் தடுப்பது. வீட்டுக்குள் நுழைய முடியாதபடி பூட்டுவதும் இதில் வரலாம். 1 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆள் உள்ளே இருக்கும்போதே வெளியே பூட்டினால் அது அடைத்து வைத்தல்; பிரிவு 127-ன்படி 1 ஆண்டு வரை சிறை.

பொதுச் சந்தில் பைக்கைக் குறுக்கே நிறுத்தி பக்கத்து வீட்டுக்காரரை மறிப்பதும் வழிமறித்தல்தான். ஆனால் அது தனிப்பட்ட வழியாக இருந்து, தடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் உண்மையாகவே நம்பியிருந்தால் விலக்கு உண்டு. அது சிவில் கோர்ட்டில் தீர்க்க வேண்டிய பாதைத் தகராறு.

புகார் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது

பைப்பை அறுத்ததை மட்டும் பிரிவு 324-ன்படி சிறு சேதமாகச் சொன்னால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாமல் போகலாம். நுழைந்ததும் பூட்டியதும் அப்படி அல்ல, நேரடியாக எஃப்.ஐ.ஆர் போடலாம். அதனால் நடந்த மூன்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். உடைந்த பூட்டு, அறுந்த பைப், புதுப் பூட்டு ஆகியவற்றின் போட்டோவும், அங்கே குடியிருப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும்.

அப்போ ஓனருக்கு என்ன வழி? பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லி, 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு நடக்கும்போதும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.