மனைவி மீண்டும் கல்லூரிக்குப் போனபோது

ஜாக் மெசிரோவுக்குத் தொழிலே வயதுவந்தோர் கல்விதான். பாகிஸ்தானில் சமூக மேம்பாட்டுத் திட்டங்களை ஆராய்ந்து 1963-இல் ஒரு புத்தகம் எழுதியவர். பிறகு நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜில் பேராசிரியரானார். அவருடைய மனைவி ஈடி, நடுத்தர வயதில் பட்டப்படிப்பை முடிக்கக் கல்லூரிக்குத் திரும்பினார். படிப்பு முடிவதற்குள் அவர் வேறு ஆளாகியிருந்தார். பாடங்கள் தெரிந்துகொண்டார் என்பதோடு விஷயம் நிற்கவில்லை. தன் வாழ்க்கை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதுவரை நம்பியதையே அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். தன் ஆய்வுக்கு வித்திட்டது அதுதான் என்று மெசிரோவே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்போது அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில், இடையில் படிப்பையோ வேலையையோ விட்ட பெண்களுக்கென்று தனித் திட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. 1975-இல் மெசிரோவின் குழு அவற்றை ஆய்வுக்கு எடுத்தது. 12 திட்டங்களில் சேர்ந்திருந்த 83 பெண்களின் அனுபவத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். 1978-இல் அறிக்கை வந்தது. இன்று ‘உருமாற்றக் கற்றல்’ என்று சொல்லப்படும் கோட்பாடு பிறந்தது அந்த அறிக்கையில்தான்.

அறிக்கை பத்துப் படிகளைச் சொல்கிறது. முதல் படி ஒரு தடுமாற்றம். இதுவரை கைகொடுத்த விளக்கம் எதுவும் பொருந்தாமல் போகிற ஒரு நிலை. கணவர் இறந்திருக்கலாம், விவாகரத்து ஆகியிருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்து போயிருக்கலாம். அடுத்து ஒருவர் தன்னையே பரிசோதிக்கிறார். குற்ற உணர்வும் வெட்கமும் கூடவே வருகின்றன. அப்புறம்தான், ‘நல்ல தாய் வீட்டில்தான் இருப்பாள்’ என்பது போல எங்கிருந்தோ வந்து மனதில் உட்கார்ந்த ஓர் அனுமானம் கண்ணில் படுகிறது. அதுவரை அது அனுமானமாகவே தெரிந்திருக்காது, உலக நியதியாகத் தெரிந்திருக்கும்.

என் பார்வையில் அறிக்கையின் உயிர் நான்காவது படியில் இருக்கிறது. தன் குமுறல் தனக்கு மட்டுமே உரியதல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் அதே குமுறல்தான் என்று தெரிய வருகிற கட்டம் அது. அது தெரியாதவரை, குறை தன்னிடம் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்திருப்பாள். மீதிப் படிகள் செயல் சார்ந்தவை: வேறு வழிகளைத் தேடுவது, திட்டமிடுவது, தேவையான திறனைக் கற்பது, புதிய பாத்திரத்தைத் தற்காலிகமாக ஏற்று நடந்து பார்ப்பது, அதில் தேர்ச்சி பெறுவது, கடைசியில் புதிய பார்வையோடு பழைய வாழ்க்கைக்குள் திரும்பிப் பொருந்துவது.

பிரேசிலில் பாவ்லோ ஃப்ரேய்ரே ஏழை விவசாயிகளிடம் கண்டதும், விஞ்ஞானத்தின் அடிப்படைப் பார்வைகள் எப்படிப் புரள்கின்றன என்று தாமஸ் கூன் எழுதியதும் இந்தச் சிந்தனைக்கு உரம். ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸின் பங்கு பின்னர் சேர்ந்தது. 1991-இல் மெசிரோ எல்லாவற்றையும் கோத்துத் தனி நூலாக்கினார்.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க, கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நடந்ததைவிடப் பொருத்தமான பயிற்சி அனுபவம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் மிக அதிகம், தரம் மோசம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தீராப் பகை. 1982-இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதை ‘நும்மி’ என்ற பெயரில் மறுபடி திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. சங்கமும் அதே சங்கம்.

பழைய ஆலையில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று: லைனை நிறுத்தக் கூடாது. போல்ட் கோணலாக ஏறினாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தனி இடத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம். லைனை நிறுத்துகிறவன் வேலை தெரியாதவன் அல்லது குழப்பவாதி. இந்த விதிக்கு அடியில் இரண்டு அனுமானங்கள் இருந்தன: தொழிலாளி தவறைச் சொன்னால் தண்டனை கிடைக்கும், தரம் என்பது வேறு யாரோ பார்க்க வேண்டிய விஷயம்.

நும்மியின் குழுத் தலைவர்களை, சில வாரப் பயிற்சிக்காக ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே லைன் நெடுக ஒரு கயிறு தொங்கியது. ஒரு பிரச்சினை என்றால் தொழிலாளி அதை இழுக்க வேண்டும். உடனே இசை ஒலிக்கும், பலகையில் அந்த இடத்தின் விளக்கு எரியும், குழுத் தலைவர் உதவிக்கு வருவார். லைன் சட்டென்று நிற்காது. சுமார் ஒரு நிமிடம் பிடிக்கும் அந்தச் சுற்று வேலைக்குள் இருவரும் சரிசெய்துவிட்டால் ஓட்டம் தொடரும், முடியாவிட்டால்தான் நிற்கும். அமெரிக்கர்களைக் கயிறு அவ்வளவாகத் தடுமாற வைக்கவில்லை. இழுத்தவனை யாரும் திட்டாததுதான் அவர்களைத் தடுமாற வைத்தது. ‘மேலாளர் என்றால் இப்படித்தான்’ என்று அவர்கள் நம்பியிருந்ததோடு அது எங்குமே ஒட்டவில்லை.

ஊர் திரும்பி வேலை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, நும்மியின் தரம் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்தது. வேலைக்கு வராதவர்கள் விகிதம் இருபது சதவீத அளவிலிருந்து இரண்டு சதவீத அளவுக்கு இறங்கியது.

அந்தப் பயிற்சியில் பங்கெடுத்த டொயோட்டா ஊழியர் ஜான் ஷூக், இதிலிருந்து மெசிரோவுக்குச் சற்று எதிரான முடிவுக்கு வந்தார். முதலில் எண்ணத்தை மாற்றினால் நடத்தை மாறும் என்பார்கள். நும்மியில் நடத்தைதான் முதலில் மாறியது, எண்ணம் பின்னால் வந்தது என்கிறார். கயிற்றை இழுத்து, உதவி வருவதைத் திரும்பத் திரும்பக் கண்ட பிறகுதான் பழைய அனுமானம் தளர்ந்தது.

ஷூக் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். மெசிரோவின் 83 பெண்களும் முதலில் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய பாத்திரத்தை நடந்து பார்ப்பது பட்டியலில் எட்டாவதாக நிற்கிறது. நடைமுறையில் அது பல நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கோட்பாடு பகுத்தறிவுக்கும் விவாதத்துக்கும் அளவுக்கு மீறிய இடம் தந்து, உணர்ச்சியையும் அதிகாரச் சூழலையும் குறைத்துப் பார்க்கிறது என்று மற்றவர்களும் விமர்சித்திருக்கிறார்கள்.

இன்றைய பயிற்சியாளர்கள் பலர் முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் பட்டறையில் ஓர் அதிர்ச்சிப் பயிற்சி, கொஞ்சம் கண்ணீர், கடைசியில் திருப்திப் படிவம். அதிர்ச்சி மட்டும் கிடைத்தவர் பெரும்பாலும் பழைய நம்பிக்கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மாற்றம் நடந்ததா என்பதைப் படிவம் காட்டாது. வேலை நெருக்கடி முற்றும் நாளில் அவர் கயிற்றை இழுக்கிறாரா என்பதுதான் காட்டும். அப்படி இழுக்க, இழுத்தால் ஒன்றும் ஆகாது என்ற உறுதி இருக்க வேண்டும். நும்மி ஒப்பந்தத்தில் ஆட்குறைப்புக்கு எதிரான வாக்குறுதி இருந்தது. 1980களின் இறுதியில் கார் விற்பனை சரிந்தபோது அந்த வாக்குறுதி சோதனைக்கு வந்தது. உபரியான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சியிலும் வேலைமுறையைச் சீர்படுத்துவதிலும் ஈடுபடுத்தினார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் நும்மியின் முறையைத் தெற்கே வான் நைஸ் ஆலையிலும் புகுத்த முயன்றது. குழு முறை வேண்டுமா என்பதிலேயே சங்கம் இரண்டாகப் பிளந்தது. எத்தனை கார் வெளியே போனது என்ற கணக்கே மேற்பார்வையாளர்களை இன்னும் ஆட்டிவைத்தது. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.