தேரோட்டத்தில் ட்ரோன்: 250 கிராம்தானே என்று பறக்கவிடலாமா?

‘சின்ன ட்ரோன்தானே, லைசென்ஸ் வேண்டாமே?’ திருவிழா வீடியோ எடுப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பாதிதான் சரி. 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையிலான ‘நானோ’ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட சிவப்பு மண்டலத்தில் எடை ஒரு சாக்கே இல்லை. முன் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக் கூடாது.

சிக்கல் எங்கே? ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் நேற்று வரை பச்சையாக இருந்த ஊர், தேரோட்டத்தன்று சிவப்பாகலாம். மாநில அரசோ போலீஸோ ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிக சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். அதனால் பறக்கவிடும் நாளன்றே வரைபடத்தைப் பாருங்க, உள்ளூர் ஸ்டேஷனிலும் கேளுங்க. மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம்.

இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிக்னல் போனால் ட்ரோன், முன்பே செட் செய்த உயரத்தில் நேர்கோட்டில் திரும்பும். அந்த உயரம் 30 மீட்டர் என்றால், சுமார் 72 மீட்டர் உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் போன்ற ஒன்று நடுவில் இருந்தால்? தடையை உணரும் சென்சார் இல்லாத ட்ரோன் மோதி, கீழே நிற்கும் பக்தர்கள் தலையில்தான் விழும். வடம் பிடிப்பவர்களால் சட்டென விலகவும் முடியாது.

சரி, கிம்பலில் மொபைலை மாட்டி உள்ளே போகலாமா? தமிழக கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெளியே வீதியில் எடுக்கலாம். ஆனால் நீட்டிய கம்போடு வடத்துக்குக் குறுக்கே பின்னோக்கி நடக்காதீங்க.