கணித மாதிரியாக்கச் செயல்திட்ட மதிப்பீட்டு அளவுகோல்

நடைமுறைச் சிக்கலைக் கணிதமாக்கி ஆராயும் மாணவர் செயல்திட்டத்துக்கு, விடையை மட்டும் பார்க்காமல் அதை எட்டிய வாதத்துக்கும் மதிப்பெண் தரும் அட்டவணை. இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் (ஐ.பி.) டிப்ளமா கணிதப் பாடத்தில் உள்ள ஆய்வுக் கட்டுரையின் அளவுகோல் பரவலாக அறியப்பட்டது. மொத்தம் 20 மதிப்பெண்: கட்டமைப்பு 4, கணிதத் தொடர்பாடல் 4, தனிப்பட்ட ஈடுபாடு 3, மீள்நோக்கு 3, கணிதப் பயன்பாடு 6. கணிதப் பயன்பாட்டிலும்கூடச் சரியான விடை மட்டும் போதாது. புரிதல் வெளிப்பட வேண்டும்.

30 பாகை அறையில் 90 பாகைத் தேநீர் 10 நிமிடத்தில் 60 பாகைக்கு ஆறியதாகக் கொள்வோம். நேர்கோடு வரையும் மாணவருக்கு 30ஆம் நிமிடத்தில் தேநீர் 0 பாகையாகிவிடும்! அதைக் கவனித்து, அறையைவிடக் குளிர முடியாதே என்று மாதிரியைக் கைவிடுபவர் மீள்நோக்கில் மதிப்பெண் பெறுவார். நியூட்டனின் குளிர்தல் விதிப்படி வெப்பநிலை வித்தியாசம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். 20ஆம் நிமிடத்தில் 45 பாகை. அளந்தால் 48 வருகிறது. இந்த 3 பாகையை 'அளவீட்டுப் பிழை' என்று தள்ளிவிடுவது பலவீனமான விடை. சூடான தொடக்கத்தில் ஆவியாதலால் வேகமாக ஆறியது, அதிலிருந்து பெற்ற மாறிலி பின்னர் பொருந்தவில்லை என்று விளக்கி, மூடியிட்டு மறுபடி அளப்பதே வலுவானது.

அளவுகோலின் குறை ஈடுபாட்டுப் பிரிவில்தான்: ஆர்வத்தை முன்னுரையில் பறைசாற்றுவோருக்கு மதிப்பெண் அள்ளிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் ஆசிரியர் இடும் மதிப்பெண்ணை, மாணவர் கட்டுரைகளில் சிலவற்றைப் பெற்று ஐ.பி. சரிபார்க்கிறது.