560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் யாரோடு பேசியது?

போன விடுமுறையில ஒரு அரச அலுவலகத்தில ஆறு கிழமை பயிற்சிக்கு இருந்தன். எனக்குத் தந்த வேலை பழைய கோப்புகளைத் தூசி தட்டி, திகதி வாரியாக அடுக்கி, அட்டவணை போடுவது. முதல் இரண்டு நாளும் எல்லாக் காகிதமும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. மேலே இலக்கம், கீழே கையொப்பம், நடுவில் யாருக்கும் விளங்காத தமிழ். அந்தப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தவுடனேயே "இது சுற்றுநிருபம், அங்கால வையும். இது மெமோ, ஆளின்ர சொந்தக் கோப்புக்குப் போகவேணும்" என்று பிரிச்சுக்கொண்டே போனா. தலைப்பைக்கூட அவ பார்க்கேல்ல. எப்பிடியெண்டு கேட்டன். "கதைக்கிற விதம் வேற தம்பி" எண்டா.

அந்தக் "கதைக்கிற விதம்" பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை விளக்க எங்கட நாட்டு வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1961 டிசம்பர் 4ஆம் திகதி திறைசேரி வெளியிட்ட 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம். கோடீஸ்வரன் வழக்கு என்று அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோவோமே, அந்த வழக்கு இந்த ஒரு காகிதத்தில் இருந்துதான் தொடங்கியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம், நாங்கள் தனிச் சிங்களச் சட்டம் என்று சொல்வது, மிகச் சின்னச் சட்டம். மூன்றே மூன்று பிரிவுகள். சிங்களமே ஒரே அரசகரும மொழி என்றது. உடனே மாற முடியாத இடங்களில் பழைய மொழியை 1960 டிசம்பர் 31 வரை தொடரலாம் என்று ஒரு தவணை கொடுத்தது. தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் சிங்களம் படிக்காவிட்டால் அவரின் சம்பளத்துக்கு என்ன நடக்கும் என்று அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை. தவணை முடிந்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது, ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அது அடக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிய முதல்தான் இந்தச் சுற்றுநிருபம் வருகிறது. பாராளுமன்றம் சொல்லாமல் விட்டதைத் திறைசேரி சொன்னது: குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சி பெறாதவருக்கு வருடாந்தச் சம்பள ஏற்றம் இல்லை.

இனி காகிதத்துக்கு வருவம். ஒரு விஷயத்தை அலுவலகம் மூன்று விதமாகச் சொல்லலாம். இந்தச் சிங்களப் பரீட்சை விஷயத்தையே எடுத்து நான் மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கீழே வருவது எதுவும் அசல் வாசகம் அல்ல, இன்றைய அலுவலகத் தமிழில் நான் செய்து பார்த்த மாதிரிகள்.

முதலில் அறிவித்தல்: "சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கான விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. தோற்ற விரும்புவோர் இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன்னர் விண்ணப்பிக்கலாம்."

இதில் யார் கோருகிறார்கள் என்று இல்லை, யாரிடம் என்றும் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும், போறவாறவை எல்லாரும் பார்ப்பினம். அறிவித்தலுக்கு வாசகரைத் தெரியாது. அதனால்தான் அதன் தொனி எப்போதும் கொஞ்சம் தளர்வாக, வாசலைத் திறந்து வைத்தது மாதிரி இருக்கும். "விரும்புவோர்", "ஆர்வமுள்ளோர்", "சகலரும்" போன்ற சொற்கள் அங்கேதான் வாழுகின்றன. வாசித்துவிட்டு நீங்கள் பேசாமல் நடந்து போகலாம். பதில் எழுதத் தேவையில்லை.

அடுத்தது மெமோ: "உங்களது ஏப்ரல் மாதச் சம்பள ஏற்றம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உரிய தேர்ச்சியைப் பெறாமைக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எனக்கு எழுத்தில் அறியத் தரவும்."

இங்கே இரண்டு பேர் இருக்கினம். "உங்களது" என்று ஒருவர், "எனக்கு" என்று இன்னொருவர். "அன்புடையீர்" இல்லை, "இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள" இல்லை. கடிதத்தின் மரியாதை உடுப்பைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது மெமோ. யாரிடமிருந்து, யாருக்கு, என்ன விஷயம், எப்போதைக்குள் என்பது மட்டும். வாசிக்கும்போது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். எங்கட ஊரில் "அவருக்கு மெமோ குடுத்திட்டாங்கள்" என்று சொன்னால் ஏதோ நல்லது நடந்திருக்கு என்று ஒருவரும் நினைக்கிறதில்லை. ஆனால் ஒன்று, மெமோவுக்குத் திருப்பிப் பதில் எழுதலாம். எழுதத்தான் வேணும். உங்கள் பதிலும் அதே கோப்பில் அடுத்த தாளாகப் போய் ஏறும். ஐம்பது வருசத்துக்குப் பிறகு யாராவது ஒரு பயிற்சிப் பிள்ளை தூசி தட்டினால் இரண்டு குரலும் இருக்கும்.

மூன்றாவது சுற்றுநிருபம்: "சகல திணைக்களத் தலைவர்களுக்கும். உரிய திகதியில் தேர்ச்சி பெறத் தவறும் உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படுதல் வேண்டும். இவ்வறிவுறுத்தல்களைத் தங்களின் கீழ் கடமையாற்றும் உத்தியோகத்தர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவும்."

இதை இரண்டு தரம் வாசித்துப் பாருங்கள். சம்பள ஏற்றம் போகப்போவது இலிகிதருக்கு. ஆனால் வசனம் இலிகிதரோடு பேசவில்லை. அவர் தலைக்கு மேலால் அவரின் மேலதிகாரியோடு பேசுகிறது. இலிகிதர் அதில் "தவறும் உத்தியோகத்தர்" என்று படர்க்கையில் மட்டும் வருகிறார், அதுவும் பன்மையில். வீட்டில் அம்மாவும் அப்பாவும் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உங்களைப் பற்றித் தங்களுக்குள் முடிவெடுக்கிற மாதிரி. சுற்றுநிருபத்தின் தொனி என்பது இதுதான். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை, "உங்கள்" இல்லை. "வேண்டும்" மட்டும் இருக்கும். அதற்கு ஒரு இலக்கம் இருக்கும், அமுலுக்கு வரும் திகதி இருக்கும், முந்திய சுற்றுநிருபம் ஒன்றை இரத்துச் செய்கிற அல்லது திருத்துகிற வரி அநேகமாக இருக்கும். அது பதிலை எதிர்பார்ப்பதில்லை. அது எதிர்பார்ப்பது அடுத்த சுற்றுநிருபத்தை.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விலகல். சிங்களத்தில் இதைச் "சக்ரலேக" என்பார்கள், சக்கரம்போலச் சுற்றிவரும் எழுத்து. தமிழில் இப்போது சுற்றறிக்கை என்றும் எழுதுகிறார்கள், ஆனால் கந்தோர்களில் வாயில் வருவது சுற்றுநிருபம்தான். நிருபம் என்றால் கடிதம், ஓலை. பழைய வேதாகமத் தமிழில் பவுல் சபைகளுக்கு எழுதினவையும் நிருபங்கள்தான். அவையும் ஒரு சபையில் வாசித்து அடுத்த சபைக்கு அனுப்பப்பட்டவை. என்ன வித்தியாசம் எண்டா, பவுல் "சகோதரரே" என்று கூப்பிடுவார். திறைசேரி அப்பிடி ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

செல்லையா கோடீஸ்வரன் அரசாங்க இலிகிதர் சேவையில் இருந்தவர். சேவைக்கு வந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னர். சிங்களப் பரீட்சையில் அவர் தேர்ச்சி பெறவில்லை, 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் வரவில்லை. அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். தன் அலுவலகத் தலைவரோடு சண்டைக்குப் போயிருக்கலாம், அவர்தானே ஏற்றத்தை மறித்த ஆள். ஆனால் அவரிடம் கேட்டால் வரப்போகிற பதில் எங்களுக்குத் தெரியும்: "நான் என்ன செய்ய ஐசே, சுற்றுநிருபம் அப்பிடி." சுற்றுநிருபத்தின் தொனி கீழே இருக்கிற அதிகாரிக்குத் தருகிற பெரிய வசதி அது. முடிவு அவருடையது அல்ல என்று ஆகிவிடும். மேலே எழுதினவரோ குறித்த இந்த ஆளைப் பற்றி எழுதவே இல்லை. இடையில் பொறுப்பு எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.

கோடீஸ்வரன் நேரே காகிதத்தையே பிடித்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போட்டார். அந்தச் சுற்றுநிருபம் தன்னைக் கட்டுப்படுத்தாது, ஏற்றம் தனக்கு உரியது என்று கேட்டார். அவரின் வாதத்தைப் படி படியாகப் பார்த்தால், சுற்றுநிருபம் அரசகரும மொழிச் சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சட்டமோ அன்றைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறது, ஒரு சமூகத்துக்கு இல்லாத இயலாமையை இன்னொரு சமூகத்தின் மேல் போடுகிறது. அடியில் இருப்பது செல்லாவிட்டால் மேலே நிற்பதும் செல்லாது. 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் இதை ஏற்றார். ஒரு சம்பள ஏற்றத்துக்கான வழக்கில் தனிச் சிங்களச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகவே இல்லை. அரச ஊழியர் ஒருவர் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்று சொல்லி முதல் படியிலேயே கதவைச் சாத்திவிட்டது. யோசித்துப் பார்த்தால் இது சுற்றுநிருபத்தின் அதே தொனி. நீ பாதிக்கப்பட்டவன்தான், ஆனால் பேச்சு உன்னோடு அல்ல.

வழக்கு லண்டனுக்குப் போனது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம், டிப்லொக் பிரபுவின் தீர்ப்பில், அதை மறுதலித்தது. இலங்கையின் சட்டப்படி அரச ஊழியருக்கும் முடிக்கும் இடையில் இருப்பது ஒப்பந்த உறவு, உழைத்த சம்பளத்துக்கு அவர் வழக்குப் போடலாம் என்றது. அதாவது இலிகிதர் படர்க்கையில் வருகிற ஆள் அல்ல, ஒப்பந்தத்தின் மற்றப் பக்கத்தில் நிற்கிற தரப்பு. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் தாங்கள் தீர்க்காமல் உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

சில வகுப்புக் குறிப்புகளில் "கோமறைக் கழகம் தனிச் சிங்களச் சட்டத்தை இரத்துச் செய்தது" என்று இருக்கு. பிழை. அப்படிச் சொன்னது மாவட்ட நீதிமன்றம் மட்டும்தான். திருப்பி அனுப்பப்பட்ட கேள்வி விசாரித்துத் தீர்க்கப்பட முதல் 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது, 1972 யாப்பு வந்தது, 29ஆம் பிரிவு போனது, சிங்களம் யாப்பிலேயே ஏறியது. 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் செல்லுமா செல்லாதா என்பதற்கு இறுதித் தீர்ப்பு ஒன்று எழுதப்படவே இல்லை.

பயிற்சி முடிகிற கிழமை அதே அலுமாரியில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கையில் பட்டது. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருசத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். இந்த முறை தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ். இலக்கம், திகதி, தவணை, தேர்ச்சி என்று எலும்புக்கூடு அதேதான். அதை எந்தப் பக்கம் வைக்கிறது என்று அக்காவிடம் கேட்க வாய் எடுத்தேன். பிறகு நானே சுற்றுநிருபக் கட்டில் கொண்டுபோய் வைத்தேன்.