பெருஞ்சிசு: ஸ்கேன் எடைக் கணிப்பும் பிரசவ நிர்ணயமும்

பெருஞ்சிசு என்பது, பிறக்கும்போது 4 கிலோவுக்கோ, வேறு சிலர் கொள்ளும் வரம்பின்படி 4.5 கிலோவுக்கோ மேற்பட்ட எடையுள்ள குழந்தை. தாய்க்கு நீரிழிவு இருப்பின், சிசுவின் தலையைக் காட்டிலும் தோளும் வயிறும் அதிகமாகப் பருப்பதால், தலை வெளிப்பட்ட பின்னர் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது.

கணிக்கும் முறை: ஸ்கேன் சிசுவை நிறுப்பதில்லை, தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, 1985-இல் ஹாட்லாக் முதலியோர் வகுத்தவை போன்ற சூத்திரங்களால் எடையை அனுமானிக்கிறது. இவற்றுள் வயிற்றளவே எடையைப் பெரிதும் நிர்ணயிப்பது. அதுவே, குறுக்குவெட்டு சற்றுச் சாய்ந்தாலும் பிழைபடுவது. பெரும்பாலான கணிப்புகள் உண்மை எடைக்குப் பத்து சதவீதத்துக்குள் அமைகின்றன; ஆகவே 4 கிலோ என்ற எண்ணை 3.6 முதல் 4.4 வரை என்றே வாசித்தல் வேண்டும். எஞ்சியவற்றில் பிழை இன்னும் பெரிது.

நிர்ணயம்: அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி, நீரிழிவுள்ள தாய்க்கு 4.5 கிலோவிலும், இல்லாதவர்க்கு 5 கிலோவிலும் சிசேரியனை ஆலோசிக்கலாம் என்கிறது. வரம்பு இவ்வளவு உயர்ந்திருப்பதன் காரணத்தை 1996-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கு விளக்குகிறது: நீரிழிவில்லாதோர்க்கு 4.5 கிலோவிலேயே சிசேரியன் செய்வதாயின், ஒரு குழந்தையின் கைநரம்பு நிரந்தரமாகச் சேதமுறாமல் காக்க 3,695 அறுவைகள் வேண்டும். நீரிழிவுடையோர்க்கோ 443 போதும்.

மாண்ட்கோமரி வழக்கு: 1999-இல் ஸ்காட்லாந்தில், உயரம் குறைந்தவரும் நீரிழிவுடையவருமான மாண்ட்கோமரி என்னும் தாய்க்கு 36-ஆம் வாரத்தில் ஸ்கேன் செய்யப்பட்டு, 38-ஆம் வாரத்தில் சிசு 3.9 கிலோ இருக்குமென்று கணிக்கப்பட்டது. அவருடைய உயரத்தைக் கருதி 4 கிலோவைத் தம் வரம்பாகக் கொண்டிருந்த மருத்துவர், அதனின்றும் 100 கிராம் குறைந்ததால் சிசேரியனைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பிரசவத்துக்குக் குறித்திருந்ததோ 38 வாரமும் ஐந்து நாளும் கழிந்த நாள். அந்நாளுக்குக் கணித்திருந்தால் எடை 4 கிலோவைக் கடந்திருக்குமென்று மருத்துவரே பின்னர் ஒப்புக்கொண்டார். குழந்தை 4.25 கிலோ எடையுடன், தோள் மாட்டிப் பன்னிரண்டு நிமிஷம் தாமதித்துப் பிறந்து, மூளைவாதமும் கைநரம்புச் சேதமும் உற்றது. கணிப்புக்கும் உண்மைக்கும் இடைப்பட்ட வித்தியாசம் ஒன்பது சதவீதமே. அதாவது, ஸ்கேன் தன் வழக்கமான எல்லையை மீறவில்லை.

நீரிழிவுடைய தாய்மாரில் ஒன்பது, பத்து சதவீதத்தினருக்குச் சிசுவின் தோள் மாட்டிக்கொள்வதை மருத்துவர் அறிந்திருந்தும் அத்தாயிடம் சொல்லவில்லை. இத்தகைய அபாயத்தையும் மாற்று வழியையும் தாய்க்கு அறிவிப்பது மருத்துவரின் கடமையென்று, அத்தாய் தொடுத்த வழக்கில் 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணிப்பு வரம்பைத் தொடாதபோதும், அதன் பிழையளவு வரம்பைத் தாண்டுமாயின், சிசேரியனா இயற்கைப் பிரசவமா என்ற கேள்வி தாயின் முன் வைக்கப்படவேண்டியதாகிறது.