சோகாமேளர்: கோயிலுக்குள் நுழைந்த பாடல், வாசலில் நின்ற கவி

1290ஆம் ஆண்டில் ஞானேசுவரர் பகவத் கீதைக்கு மராத்தியில் விரிவுரை செய்து முடித்தபோது, அதுவரை சமஸ்கிருதம் கற்றோருக்கே உரியதாயிருந்த சமய விசாரணை உழவரும் கைவினைஞரும் பேசும் மொழிக்கு வந்து சேர்ந்தது. பண்டரிபுரத்து விட்டலனை நாடி ஆண்டுதோறும் நடந்து செல்லும் அடியார்களான வார்க்கரிகளிடையே, அடுத்த சில பத்தாண்டுகளில் தையற்காரரான நாமதேவரும், அவர் வீட்டுப் பணிப்பெண்ணான ஜனாபாயும், தீண்டப்படாதோராக ஒதுக்கப்பட்ட மகார் சாதியில் பிறந்த சோகாமேளரும் 'அபங்கம்' எனப்படும் எளிய இசைப்பாடல்களை இயற்றினர்.

பண்டரிபுரத்தை அடுத்த மங்கள்வேடாவில் வாழ்ந்த சோகாமேளரின் குலத்துக்கு, செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊருக்குக் கூலியின்றி உழைப்பதும் கடமைகளாக விதிக்கப்பட்டிருந்தன. விட்டலன் கோயிலுக்குள் செல்ல உரிமையற்ற அவர், தம் பாடல்களில் தீட்டு என்ற கருத்தையே விசாரணைக்கு உட்படுத்தினார். பிறப்பும் இறப்பும் தீட்டெனில் அவற்றுக்கு உட்பட்ட எந்த உடலும் தூயதாக இருக்க இயலாது என்பதும், அவ்வாறாயின் தூயோர், தீட்டுடையோர் என்ற பிரிவினைக்கு அடிப்படையே இல்லை என்பதும் அவர் வாதத்தின் சாரம். அவருடைய மனைவி சொயராபாயும், உடலின் தீட்டு உடலோடு பிறந்ததே என்பதால் அது ஒரு சாதிக்கு மட்டும் உரியதன்று என்று பாடினார்.

ஆயினும் சோகாமேளரின் குரல் ஒரே தன்மையுடையதன்று. தம் இழிநிலைக்கு முற்பிறவி வினையே காரணம் என்று ஏற்கும் பாடல்களும் அவர் பெயரில் உள்ளன. அவர் மகன் கர்மமேளர் இந்த அமைதியை ஏற்காமல், தங்களை இழிந்தோராகப் படைத்துவிட்டு எச்சிலை உண்ணவைத்த இறைவனையே குற்றம் சாட்டினார். வினைக்கொள்கையைப் பெரிதும் சார்ந்திருந்த ஒரு மரபுக்குள், ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் அதை ஏற்றும் எதிர்த்தும் பாடியதைக் காணும்போது, பக்தி இயக்கம் ஒற்றைக் குரலில் பேசியதாகக் கொள்வது பொருந்தாது என்பது தெளிவாகிறது.

1338ஆம் ஆண்டளவில், மங்கள்வேடாவில் ஊர்மதில் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து சோகாமேளர் இறந்தார். இடிபாடுகளிடையே விட்டலன் பெயரை ஒலித்த எலும்புகளை அடையாளம் கண்டு நாமதேவர் எடுத்து வந்தார் என்று மரபு கூறுகிறது. அவை அடக்கம் செய்யப்பட்ட இடமோ, பண்டரிபுரக் கோயிலின் மகாத்துவார வாசலுக்கு வெளியேதான் அமைந்தது. அடியார் கூட்டத்தில் சமத்துவத்தைப் பாட இடமளித்த வார்க்கரி மரபால் கோயிலின் நிர்வாகத்தையும் ஊரின் உழைப்பு முறையையும் மாற்ற இயலவில்லை. அவருடைய அபங்கங்கள் மற்ற அடியார்களால் பாடப்பட்டு வந்தபோதும், அவர் குலத்தினர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர்.

1947இல் சமூகச் சீர்திருத்தவாதி சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே அக்கோயில் தலித்துகளுக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் தீண்டாமையின் தோற்றம் குறித்த தம் நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் காணிக்கையாக்கினார். அடியாரின் பக்தியை மெச்சுவதாலேயே அவர் குலத்தின் இழிவு நீங்கிவிடாது என்பதை வலியுறுத்தி வந்த அம்பேத்கர், அந்த இழிவைத் தம் மொழியில் பதிவு செய்தவர்களை மறக்கவில்லை. தீட்டின் தர்க்கத்தை உடைத்தது அபங்கம். கோயிலின் கதவைத் திறக்க அரசியல் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்டன.