ரேலி வெற்றி நிகழ்தகவிலிருந்து பேட்மின்டன் ஆட்ட வாய்ப்பு

ஒரு ரேலியை வெல்லும் நிகழ்தகவு தெரிந்தால், ஒரு கேமையும் முழு ஆட்டத்தையும் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிடலாம். 2006-இல் நடைமுறைக்கு வந்த 21 புள்ளி முறையில், யார் சர்வீஸ் செய்தாலும் ரேலியை வென்றவருக்கே புள்ளி சேர்கிறது. 20–20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29–29 ஆனால் அடுத்த ரேலியே கேமை முடிக்கும். மூன்று கேம்களில் இரண்டை வென்றவர் வெற்றியாளர்.

கணக்கு முறை

ஒருவர் ரேலியை வெல்லும் நிகழ்தகவு p, தோற்பது q = 1 − p என்க. ஒவ்வொரு ரேலியும் முந்தையதைச் சாராதது என்று கொள்ளப்படுகிறது.

```
G = Σ(k=0..19) C(20+k, k) p^21 q^k + C(40,20) p^20 q^20 D
D = p²(1 − (2pq)^9)/(1 − 2pq) + p(2pq)^9
M = G²(3 − 2G)
```

G கேமையும், M ஆட்டத்தையும் வெல்லும் நிகழ்தகவு. k எதிராளி எடுத்த புள்ளிகள். கேமின் கடைசி ரேலியை வென்றவரே எடுத்திருக்க வேண்டும் என்பதால், அதற்கு முந்தைய 20 + k ரேலிகளின் வரிசை மட்டுமே மாறக்கூடியது. D என்பது 20–20 நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு. அங்கிருந்து 29–29 வரை ஒன்பது இணை ரேலிகள் உள்ளதால் 9 என்ற அடுக்கு வருகிறது.

எடுத்துக்காட்டு

p = 0.52 எனில் D = 0.540, G = 0.604, M = 0.654. அதாவது ரேலியில் இரண்டு சதவீதப் புள்ளி சாதகம், ஆட்டத்தில் பதினைந்துக்கும் மேலாகப் பெருகுகிறது; வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 1.9-க்கு 1. p = 0.55 ஆனால் M = 0.839. ஆட்டத்தின் நடுவிலும் இதே கணக்கு பயன்படும். p = 0.52 உள்ளவர் 19–20 எனப் பின்தங்கினால், அடுத்த ரேலியை வென்று பிறகு D-யையும் கடக்க வேண்டும்: 0.52 × 0.540 = 0.281. முதல் கேமை இழந்தால் மீதி இரண்டையும் வெல்ல வேண்டும் என்பதால் ஆட்ட வாய்ப்பு G², அதாவது 0.365.

வரம்புகள்

சர்வீஸ் செய்யும்போதும் எதிர்கொள்ளும்போதும் வெல்லும் வாய்ப்பு வேறுபட்டால் ஒரே p போதாது. ரேலியை வென்றவரே அடுத்து சர்வீஸ் செய்வதால், புள்ளி நிலையோடு சர்வீஸ் யாரிடம் என்பதையும் சேர்த்து ஒவ்வொரு படியாகக் கணக்கிட வேண்டும்.

இன்னும் பெரிய சிக்கல் p-யை மதிப்பிடுவது. 2016 ரியோ ஒலிம்பிக் மகளிர் ஒற்றையர் இறுதியில் கரோலினா மரின், பி. வி. சிந்துவை 19–21, 21–12, 21–15 என வென்றார். மொத்தம் 109 ரேலிகளில் மரின் எடுத்தவை 61. p ஏறத்தாழ 0.56, அதன்படி M 0.88. ஆனால் 109 ரேலிகளிலிருந்து பெறும் p-யின் திட்டப்பிழை சுமார் 0.05. எனவே உண்மையான p 0.46 முதல் 0.65 வரை எங்கும் இருக்கலாம். M ஐந்தில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய உறுதி வரை மாறும். ஒரே ஆட்டத்தின் புள்ளிகளைக் கொண்டு அடுத்த ஆட்டத்தின் வாய்ப்பைச் சொல்ல இயலாது; பல ஆட்டங்களின் ரேலிகளைத் திரட்டிய பிறகே இச்சூத்திரம் பயன் தரும்.